ஒட்டுமடிப்பில் போன சொல்

பிஜித் தீவுகளின் தலைநகரான சுவாவில் வாலு பே சாலையோரம் இருக்கும் எங்கள் அட்டைப்பெட்டி ஆலையில் செரெய்மாவைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் மறுக்க மாட்டாள். பயப்படுவதற்குத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பாள்.

அது ஒரு வகையில் உண்மை. பெட்டி அச்சுக்குப் போகுமுன் அதன் டைலைனைச் சரிபார்ப்பது அவள் வேலை. டைலைன் என்பது பெட்டியைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் எப்படி இருக்குமோ அந்தக் கோட்டுப்படம். முழுக்கோடு போட்ட இடத்தில் கத்தி வெட்டும். விட்டுவிட்டு வரும் கோட்டில் அட்டை மடியும். அந்தக் கோடுகளின் மேல் வாடிக்கையாளரின் படமும் எழுத்தும் உட்கார்ந்திருக்கும். கணினித் திரையில் எல்லாப் பெட்டியும் அழகாகத்தான் இருக்கும். மடித்த பிறகுதான் ஒன்றின் மூக்கு இன்னொன்றின் முதுகுக்குப் போயிருப்பது தெரியும்.

அவள் ஆலைக்கு வந்தது கையால் பசை தடவும் மேசைக்கு. பசை தடவுகிறவளுக்குத்தான் எது ஒட்டும் எது ஒட்டாது என்று தெரியும் என்று முந்தைய மேலாளர் அவளைச் சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினார். அந்த மேசை என் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அலுவலகத்தில் சரக்கு அனுப்பும் வேலை பார்த்தேன். அவள் பேசிக்கொண்டே வேலை செய்கிறவள். கேட்டுக்கொண்டே இருந்ததில் பாதி வேலை எனக்கும் தெரிந்துவிட்டது.

முதலில் அவள் கேட்கும் கேள்வி, இந்தப் படம் பெட்டியின் வெளிப்பக்கத்தைக் காட்டுகிறதா, உள்பக்கத்தையா என்பது. டை என்னும் வெட்டச்சைச் செய்கிறவர்கள் சிலர் உள்பக்கத்திலிருந்து வரைந்து அனுப்புவார்கள். அதைக் கவனிக்காமல் எழுத்தை அடுக்கினால் இடம் வலமாகிவிடும். அடுத்து மடிப்பின் திசை. அச்சான பக்கத்தில் இரும்புத் தகடு அழுத்தி ஒரு பள்ளம் போடும். பின்பக்கத்தில் அதற்கு ஈடாக ஒரு மேடு எழும்பும். அந்த மேடு பெட்டிக்குள்ளே போகிற மாதிரிதான் அட்டை மடிய வேண்டும். எதிர்ப்பக்கம் மடித்தால் அட்டை முரண்டு பிடிக்கும், மை வெடிக்கும். அதனால் அவள் மாதிரிப் பெட்டியை ஒருபோதும் காகிதத்தில் மடிக்க மாட்டாள். காகிதம் நாம் சொன்ன பக்கமெல்லாம் மடியும், அதை நம்பக் கூடாது என்பாள். அச்சுக்குப் போகிற அதே அட்டையில் படத்தை ஒட்டி, வெண்ணெய்க் கத்தியின் முதுகால் கோடு இழுத்து, வெட்டி, மடித்து, உள்ளே ஏதாவது போட்டுக் குலுக்கிப் பார்ப்பாள்.

கடைசியாக ஒட்டுமடிப்பு. பெட்டியின் ஒரு ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு நாக்கு நீண்டிருக்கும். அதன் மேல் பசை தடவி, எதிர் ஓரத்துப் பக்கத்தை அதன் மீது ஒட்டினால் பெட்டி பெட்டியாகும். அந்த நாக்கு உள்ளே மறைந்துபோகும். அதில் மையும் கூடாது, வார்னிஷும் கூடாது. இருந்தால் எங்கள் ஊர் ஈரக்காற்றில் பசை விட்டுக்கொள்ளும். பக்கத்து வண்ணம் மட்டும் மடிப்பைத் தாண்டி அரிசி அகலத்துக்கு உள்ளே வரலாம், வெட்டு சற்று நகர்ந்தாலும் வெள்ளை தெரியாமல் இருக்க. மற்றபடி அது வெறும் வெள்ளை. வாடிக்கையாளர்கள் படத்தை நாக்கு முழுக்க ஓடவிட்டு அனுப்புவார்கள். கணினி அறையில் தகடு செய்யும்போது நாங்களே அந்த இடத்தை மறைத்துவிடுவோம். அது எப்போதும் நடப்பது. யாரும் யாரிடமும் சொல்வதுகூட இல்லை.

இவ்வளவு பயத்தோடு வேலை செய்தவளுக்கு வீட்டில் வேறொரு பயம் இருந்தது. அவள் மகள் ருசிலாவுக்குப் பள்ளி வயதிலேயே மூட்டுகள் வீங்கும் நோய். மஞ்சள் நிறச் சிறு மாத்திரை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டில் அது புதன்கிழமை. செரெய்மாவே எண்ணிக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்து, மிச்சத்தைத் தன் துணிப்பெட்டிக்குள் பூட்டி வைப்பாள். காரணம், மருத்துவமனையில் மகள் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெரியவர் வந்தார். அதே மாத்திரையைத் தினமும் சாப்பிட்டவர். வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. பிறகு ரத்தமே ஊறாமல் போயிற்று. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்ததை அவள் பார்த்தாள்.

ஆகவே அந்த மாத்திரைக்கான பெட்டி எங்கள் ஆலைக்கு வந்தபோது செரெய்மாவின் முகமே மாறிவிட்டது. வெளிநாட்டிலிருந்து மொத்தமாக வரும் மாத்திரைகளை இங்கே உறையிட்டு அனுப்பும் ஒரு நிறுவனம்தான் வாடிக்கையாளர். பெட்டியின் முகப்பில் ஒரு சிவப்புப் பட்டை. பட்டையின் வலது ஓரத்தில் எந்தக் கிழமை என்று மருந்துக்காரர் எழுத ஒரு வெள்ளைக் கட்டம். கட்டத்தின் பக்கத்தில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் 'தினமும் சாப்பிடக் கூடாது' என்று இருந்தது. அவள் வழக்கம்போல் அட்டையில் மடித்தாள். எழுத்து மடிப்பிலிருந்து தள்ளியே இருந்தது. ஒட்டுமடிப்பு முகப்புக்கு இடப்பக்கம். எல்லாம் சரி.

ஆனால் அவள் மேலாளரிடம் போனாள். பிரவீண்பாய் அவளைவிட வயதில் சிறியவர், பொறுமைசாலி. தீவுகளில் பாதிப் பேர் வேதப்புத்தகம் படிக்கிற பிஜி மொழி மட்டும்தான் படிப்பார்கள், அதிலும் ஒரு வரி போடச் சொல்லுங்கள் என்று கேட்டாள். வாடிக்கையாளருக்கு யோசனை சொல்வது நம் வேலையா என்று அவர் தயங்கினார். அவள் நகரவில்லை. கடைசியில் அவர் எழுதினார். வாடிக்கையாளரும் ஒத்துக்கொண்டார்.

திருத்திய படம், வாடிக்கையாளருக்குப் படம் வரைகிறவர்கள் இருக்கும் ஆக்லாந்திலிருந்து வந்தது. எழுத்து மட்டும்தான் மாற்றம், டை அப்படியே என்று ஒரு குறிப்பு. செரெய்மா அதைத் திரையில் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சிவப்புப் பட்டையில் ஆங்கிலம், இந்தி, அதற்குக் கீழே பிஜி மொழியில் ஒரு வரி. அந்த மொழியில் மாத்திரையையும் குடிப்பதாகத்தான் சொல்வார்கள். அவள் அந்த வரியை வாய்விட்டுப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். ருசிலாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். பிறகு சரி என்று கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தடவை அவள் மடித்துப் பார்க்கவில்லை.

அச்சாகி, டை வெட்டி, பசை இயந்திரத்துக்கு வந்தபோது அந்தப் பெட்டிகள் அபெனிசாவின் பொறுப்பில் இருந்தன. அபெனிசாவின் ஊருக்கும் செரெய்மாவின் ஊருக்கும் தௌவு என்ற உறவு. ஒரே மூத்த தெய்வத்தின் பிள்ளைகள் என்று இரண்டு ஊர்க்காரர்களும் நினைப்பதால், எங்கே பார்த்தாலும் ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்யலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அதற்கும் கிண்டல். ஆலையில் எல்லாருக்கும் இவர்கள் இருவரின் சண்டைதான் பொழுதுபோக்கு. அவன் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தில் மீனை எடுத்துவிட்டு முள்ளை வைத்திருக்கிறான். அவள் அவன் பிறந்தநாளுக்கு அழகான பெட்டி செய்து, உள்ளே இன்னொரு பெட்டி, அதற்குள் இன்னொன்று என்று வைத்து, கடைசியில் ஒரு மரவள்ளித் தோலைக் கொடுத்திருக்கிறாள்.

பெட்டிகள் ஒட்டத் தொடங்கிய அன்று தேநீர் வேளையில் அவன் மேசைக்கு வந்து உட்கார்ந்தான்.

"உன் ஊர்க்காரங்களுக்கு மருந்தைக்கூடப் பெட்டியில எழுதி வெச்சாத்தான் குடிக்கத் தெரியுமா? தினமும் குடின்னு பெருசா போட்டிருக்கு. போதைக்கு யங்கோனா குடிக்க மட்டும் யாரும் எழுதிக் காட்ட வேணாம்."

"உன் ஊர்க்காரங்களுக்கு அதைப் படிக்கத் தெரிஞ்சதே பெரிய விஷயம்," என்றாள் செரெய்மா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரியில் 'வேண்டாம்' என்ற சொல்லை அவன் வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சொல்கிறான் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அவன் எதையும் நேராகச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவன் ரொட்டியைத் தின்றுவிட்டு இயந்திரத்துக்குப் போனான். ஒட்டி முடிந்த பெட்டிகளில் முதல் பகுதி அன்று மாலையே வண்டியேறியது. அனுப்பியது நான்தான். அவசரமாகக் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை செரெய்மா குடையை உதறிக்கொண்டு பசை இயந்திரத்தைக் கடந்து வந்தாள். வழியில் கழிவுக் கூடையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். மகளுக்குக் காட்டத்தான். மேசையில் வைத்து அதைச் சதுரமாக நிமிர்த்தினாள். நான் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சு பாதியில் நின்றதால் திரும்பிப் பார்த்தேன்.

பெட்டியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு பெட்டியின் இடது ஓரத்தை விரலால் தடவினாள். அங்கே மடிப்பு. மடிப்புக்கு அப்பால் ஒன்றும் இல்லை. இரண்டு கைகளாலும் ஒட்டிய இடத்தைப் பிய்த்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது, அட்டை கிழிந்துதான் வந்தது. ஒட்டுமடிப்பு வெள்ளையாக இருந்தது. மடிப்போரம் அரிசி அகலத்துக்குச் சிவப்பு. மற்றது எல்லாம் வெள்ளை.

பிஜி மொழியில் 'வேண்டாம்' என்பது வரியின் தொடக்கத்தில் வரும். கக்குவா. மற்ற இரண்டு வரிகளைவிட அந்த வரி நீளம். வலப்பக்கம் வெள்ளைக் கட்டம் இருப்பதால் ஆக்லாந்தில் அதை வலது ஓரத்தோடு சேர்த்து நிறுத்தியிருந்தார்கள். அதனால் நீண்டது முழுக்க இடப்பக்கம் போயிருந்தது. மடிப்பைத் தாண்டி, ஒட்டுமடிப்பின் மேல். டைலைனை அவர்கள் சிவப்பில் வரைந்திருந்தார்கள். சிவப்புப் பட்டையின் மேல் சிவப்புக் கோடு திரையில் தெரியவில்லை. வரி முழுசாக, ஒழுங்காகத் தெரிந்தது. பிறகு எங்கள் கணினி அறை, எப்போதும்போல், ஒட்டுமடிப்பை வெள்ளையாக்கியது.

மிச்சம் இருந்தது: தினமும் குடி.

செரெய்மா எழுந்தாள். நாற்காலி விழுந்தது. நானும் பின்னால் ஓடினேன். அபெனிசா இயந்திரத்துக்கு அட்டை ஊட்டிக்கொண்டிருந்தான். அவள் இரைச்சலுக்கு மேல் நிறுத்து என்றாள். அவன் காதில் கை வைத்துக் கேளாதவன்போல் நடித்தான். அவள் மறுபடி சொன்னாள். அவன் பெரிதாகக் குனிந்து கும்பிட்டு, இன்னும் ஒரு கட்டு அட்டையை வைத்தான். பெட்டிகள் வரிசையாக மடிந்து, ஒட்டி, ஓடும் பெல்ட்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டே வந்தன. ஒவ்வொன்றிலும் அந்த வரி.

"அபெனிசா. இது விளையாட்டு இல்ல."

"நீ எப்பவும் அப்படித்தான் சொல்லுவ. மரவள்ளித்தோல் குடுத்தப்பவும் இதே மூஞ்சிதான்."

அவள் கிழிந்த பெட்டியை அவன் முன்னால் நீட்டினாள். அவன் குனிந்து கிழிந்த ஓரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சிவப்புப் பொத்தானை அழுத்தினான். இயந்திரம் நின்றதும் ஆலை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"கக்குவா எங்க?" என்றாள்.

"என்ன கக்குவா?"

"நேத்து நீ சொன்னியே, தினமும் குடின்னு போட்டிருக்குன்னு. கேலிக்குச் சொன்னியா, நிஜமாப் படிச்சியா?"

"நிஜமாத்தான் படிச்சேன். மருந்துன்னா தினமும்தானே குடிப்பாங்க? எனக்கு அதுல தப்பு ஒண்ணும் தெரியல."

பிரவீண்பாயின் அறையில் அவள் உட்கார மறுத்தாள். தான் மடித்துப் பார்க்கவில்லை என்பதை முதல் வாக்கியமாகச் சொன்னாள். அவர் அதை அப்புறம் பேசலாம் என்று தொலைபேசியை எடுத்தார். ஆலையில் இருந்த பெட்டிகளை அபெனிசா ஒரு மூலையில் அடுக்கி, மேலே சிவப்பு நாடா சுற்றி, பக்கத்திலேயே நின்றுகொண்டான். யாரும் சொல்லி அவன் அங்கே நிற்கவில்லை.

உறையிடும் நிறுவனத்தில் முதலில் யாருக்கும் புரியவில்லை. இங்கே இருக்கிற பெட்டிகளை எடுத்து வைத்துவிடுகிறோம் என்றார்கள். எடுத்து வைத்தவற்றை எண்ணிப் பார்த்தபோது ஒரு கட்டு குறைந்தது. மறுபடி கேட்டோம். கண்டாவு தீவில் ஒரு மருத்துவ நிலையத்தில் இருப்பு தீர்ந்துபோனதால், புதுப்பெட்டி வந்ததும் அதில் போட்டு நேற்றிரவு கப்பலிலேயே அனுப்பிவிட்டோம் என்றார்கள். கப்பல் விடியற்காலையில் போய்ச் சேர்ந்திருக்கும்.

கண்டாவு செரெய்மாவின் சொந்தத் தீவு. வேறு தீவாக இருந்திருந்தால் பயம் குறைந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மருத்துவ நிலையத்தின் தடித்த சிமெண்டுப் படிகளும், அங்கே வந்து உட்காரும் முகங்களும் அவளுக்குத் தெரியும். அவளால் அவற்றைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அங்கே தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. பிரவீண்பாய் வேறு எண் தேடினார். நான் தீவுகளுக்குச் சரக்கு அனுப்பியபோது பேசிய கடைக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் ஒரு பையனை விட்டு நர்ஸை அழைத்துவரச் சொன்னார். அதுவரை நாங்கள் மூவரும் அந்தத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். செரெய்மாவின் உள்ளங்கையில் அந்தக் கிழிந்த பெட்டி கசங்கி ஈரமாகியிருந்தது.

நர்ஸின் பெயர் லோசனா. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. பிரவீண்பாய் ஆங்கிலத்தில் தொடங்கினார். செரெய்மா அவர் கையிலிருந்து தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொன்னாள். பெட்டியைப் படிக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள் என்றாள்.

பிறகு லோசனா சொன்னதைச் செரெய்மா எங்களுக்குத் திருப்பிச் சொன்னாள். கப்பல் வந்ததும் காலையிலேயே இரண்டு பெட்டிகள் போய்விட்டன. ஒன்று ஒரு பள்ளி ஆசிரியருக்கு. அவர் பக்கத்திலேயே இருக்கிறார். இன்னொன்று விலிமைனா என்ற விதவைக்கு. மீன் பிடிக்கிற குடும்பம். அவள் ஊர் படகில்தான் போக வேண்டிய தூரம். தொலைபேசி அங்கே எடுக்காது. அவள் படகில் போன பிறகு காற்று பலமாகிவிட்டது.

"படகை எடுக்கச் சொல்லுங்க," என்றாள் செரெய்மா. "தயவு செஞ்சு இப்பவே."

காற்று அடங்காமல் எந்தப் படகும் அந்தப் பாறைகளைத் தாண்டாது. அது அவளுக்கும் தெரியும். ஆசிரியரின் பெட்டி மதியத்துக்குள் திரும்ப வந்துவிட்டது, பிரிக்கப்படாமல். விலிமைனாவின் ஊருக்குப் படகு மறுநாளும் போகவில்லை.

அந்த நாட்களில் செரெய்மா தவறாமல் வேலைக்கு வந்தாள். ஆலையில் இருந்த மற்ற எல்லா வேலைகளின் டைலைனையும் மறுபடி எடுத்து, ஒவ்வொன்றையும் அட்டையில் மடித்தாள். சோப்புப் பெட்டி, தேயிலைப் பெட்டி, கொசுவத்திப் பெட்டி. மேசை முழுக்க வெள்ளைப் பெட்டிகள். சிவப்புக் கோட்டை யாரும் வரையக் கூடாது என்று வாடிக்கையாளர்களுக்கு எழுதச் சொன்னாள். எழுதினேன். அபெனிசா தேநீர் வேளையில் வந்து எதிரே உட்கார்ந்தான். ஒரு கிண்டலும் செய்யவில்லை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது.

"நான் நேரா சொல்லியிருக்கணும்," என்றான் ஒரு நாள்.

"நீ நேராத்தான் சொன்ன. நான்தான் கேக்கல."

காற்று நின்றதும் லோசனா தானே படகில் போனாள். விலிமைனா ஒவ்வொரு நாளும் தவறாமல் மாத்திரை எடுத்திருந்தாள். வாயில் எரிச்சல் தொடங்கியிருந்தது. அவளைப் படகில் ஏற்றி, அங்கிருந்து விமானத்தில் சுவாவுக்குக் கொண்டுவந்தார்கள்.

செரெய்மா மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று பிரவீண்பாய் சொன்னார். நிறுவனம் பேசும், வக்கீல் பேசுவார், நீங்கள் போனால் சிக்கல் என்றார். அவள் கேட்டுக்கொண்டாள். மாலையில் ருசிலாவை வீட்டில் விட்டுவிட்டு, என்னைக் கூட வரச் சொன்னாள். தனியாகப் போனால் பாதியில் திரும்பிவிடுவேன் என்றாள்.

விலிமைனா சுருக்கம் விழாத முகமுள்ள, வலுவான பெண். தலையணையில் சாய்ந்திருந்தாள். உதடுகள் வீங்கி, வெடித்து இருந்தன. கையில் ஊசிக்குழாய். நரம்பு வழியாக மாற்று மருந்து ஏறிக்கொண்டிருந்தது. செரெய்மா கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். தலை குனிந்து, கைகளை மெல்லத் தட்டி, மன்னிப்புக் கேட்கும் முறைப்படி தன் ஊரையும் பெயரையும் சொன்னாள். அந்தப் பெட்டியைச் சரிபார்த்தது நான் என்றாள்.

விலிமைனா பேச நேரம் எடுத்தது. நாக்கு தடித்திருந்தது.

"எழுந்து உக்காருமா. தரை ஈரமா இருக்கு."

"இங்கயே இருக்கேன், நேய்," என்றாள் செரெய்மா, சொந்த அத்தையை அழைப்பதுபோல்.

"இந்த மருந்து எனக்குப் புதுசு. லோசனா வாரத்துக்கு ஒரு நாள்னுதான் சொன்னா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." அவள் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சினாள். முகம் சுளித்தது. "வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். கட்டத்துல கிழமை எதுவும் எழுதல, ஆனா பக்கத்துல நம்ம பாஷையில இருந்துச்சு. நர்ஸ் சின்னப் பொண்ணு, மாத்திச் சொல்லியிருப்பான்னு நினைச்சேன். அச்சுல போட்டிருக்கறது தப்பா இருக்குமா?"

செரெய்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது. நான் அவள் தோளில் கை வைத்தேன். சட்டை வழியாகவே அவள் உடம்பு குளிர்ந்திருந்தது தெரிந்தது.

ரத்த அணுக்களின் எண்ணிக்கை இன்னும் இறங்கக்கூடும் என்றார் மருத்துவர். இறங்கினால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும் என்றார். செரெய்மா ஒவ்வொரு மாலையும் போனாள். வார்டுக்குள் போவதற்கு முன் வாசலில் நின்று, கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். இல்லையென்று தெரிந்த பிறகுதான் உள்ளே போவாள். எண்கள் இறங்கின. மறுபடி இறங்கின. ஒரு மாலை விலிமைனாவுக்குக் காய்ச்சல் கண்டது. அன்று உள்ளே விடவில்லை. செரெய்மா வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். அபெனிசா ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தின்னவில்லை. அவனும் தின்னவில்லை. பொட்டலம் இருவருக்கும் நடுவில் ஆறிப்போனது.

ஆலையில் திருத்திய பெட்டிகள் அச்சுக்கு வந்தன. பிஜி வரியை இரண்டாக உடைத்து, முகப்பின் நடுவில், மடிப்புகளிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள். செரெய்மா அதை அட்டையில் மடித்தாள். அபெனிசாவைப் படிக்கச் சொன்னாள். என்னைப் படிக்கச் சொன்னாள். தெருவில் தேங்காய் விற்கிற பெண்ணைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அந்தப் பெண் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தினமும் குடிக்காதேன்னு இருக்கு," என்றாள். "அப்புறம் எப்பத்தான் குடிக்கறது?"

செரெய்மா பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேராகப் பிரவீண்பாயின் அறைக்குப் போனாள். எப்போது என்பதும் வரியில் இருக்க வேண்டும் என்று கேட்டாள். அச்சு ஒரு நாள் நின்றது.

காய்ச்சல் வடிந்த பிறகு ஒரு பிற்பகல் மருத்துவமனையிலிருந்து லோசனா அழைத்தாள். நோயாளியைப் பார்க்கத் தீவிலிருந்து வந்திருந்தாள். ரத்த எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிட்டது, இன்றைய எண் நேற்றையதைவிட அதிகம் என்றாள். செரெய்மா கேட்டுக்கொண்டாள். ஒருமுறை மட்டும் நிச்சயமா என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டு நாற்காலியை மேசைக்கு இழுத்தாள்.

அவள் மேசையில் ஒரு பிஸ்கட் பெட்டியின் டைலைன் பாதி வெட்டியபடி கிடந்தது. கத்தியை எடுத்தாள். கோடு வளைந்தது. அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தாள்.